கடை போர்டைப் போட்டோவில் வைத்துத் திருத்துவது எப்படி: சந்தூர் நர்சரி போர்டு ஒன்றை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

"இந்த போர்டைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். போர்டுக்கு நேர் எதிரில் நின்று, சட்டத்துக்குள் போர்டு மட்டும் நிறையும்படி எடுத்திருப்பார்கள். கைப்பேசியில் திறந்தால் எல்லாம் பளிச்சென்று தெரியும். "நல்லாத்தானே இருக்கு" என்று பதில் போட்டுவிடத் தோன்றும்.

அந்தப் பதிலைப் போடும் முன் ஒரு கணக்கைப் பாருங்கள். இருபது அடி அகல போர்டு, நிமிர்த்திப் பிடித்த கைப்பேசியில் திரை அகலம் முழுக்க, அதாவது சுமார் 7 செ.மீ. அகலத்தில் தெரிகிறது. நீங்கள் 30 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள். இது சாலையில் ஏறத்தாழ 85 அடி தள்ளி நின்று போர்டைப் பார்ப்பதற்குச் சமம். விரலால் இருமடங்கு பெரிதாக்கினால் 43 அடிக்கு வந்துவிட்டீர்கள். வண்டியில் வருகிறவர் 200 அடி தூரத்திலேயே போர்டைக் கவனித்தால்தான் வேகத்தைக் குறைக்க முடியும். அவருக்குத் தெரிவது வேறு படம். நாம் பார்க்க வேண்டியது அந்தப் படத்தை.

அதைச் செய்யும் முறையை ஒரே ஒரு போர்டை வைத்து விளக்குகிறேன். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி வட்டத்தில் உள்ள சந்தூர், மா ஒட்டுச்செடிக்குப் பேர்போன ஊர். அந்தப் பக்கம் நர்சரி வைத்திருக்கும் தெரிந்த தம்பி ஒருவர், போன சீசனில் மாட்டிய ஃப்ளெக்ஸ் போர்டின் படத்தை அனுப்பியிருந்தார். 20 அடி அகலம், 8 அடி உயரம், இரும்புச் சட்டம். சாலைக்கு இணையாக, வண்டிகள் ஓடும் இடத்திலிருந்து சுமார் 30 அடி உள்ளே தள்ளி நிற்கிறது. அடுத்த சீசனுக்குப் புதிதாக அடிக்கப் போகிறார். "அதையே திருப்பி அடிச்சிடலாமா அண்ணா, இல்ல ஏதாவது மாத்தணுமா?" என்பது கேள்வி.

முதல் வேலை: சரியான படங்கள்

ஒரு படம் போதாது. மூன்று கேளுங்கள்.

முதலாவது, எழுத்துப்பிழை பார்க்க. போர்டுக்கு நேர் எதிரில் முப்பது நாற்பது அடி தள்ளி நின்று, கைப்பேசியின் சாதாரண 1x லென்ஸில் எடுக்க வேண்டும். 0.5x வைத்தால் ஓரத்து எழுத்துகள் இழுபட்டு, அளவு எடுக்க உதவாமல் போய்விடும். போர்டின் நான்கு மூலைகளும் படத்துக்குள் இருக்க வேண்டும். காலையிலோ மாலையிலோ எடுப்பது நல்லது. உச்சிவெயிலில் ஃப்ளெக்ஸ் பளபளத்து, சில வார்த்தைகள் வெள்ளையாக அடித்துவிடும்.

இரண்டாவதும் மூன்றாவதும் சாலையோரத்தில் நின்று, இரண்டு திசையிலிருந்தும், போர்டுக்கு 200 அடி முன்னால் எடுப்பவை. ஜூம் வேண்டாம். வண்டியை ஓட்டிக்கொண்டே எடுக்கவும் வேண்டாம், இறங்கி நின்று எடுத்தால் போதும். சாதாரண நடையில் 80 தப்படி வைத்தால் ஏறக்குறைய 200 அடி வரும். இந்த இரண்டு படங்களைத்தான் யாரும் எடுப்பதில்லை, பெரிய சிக்கல் தெரியவருவது பெரும்பாலும் இவற்றில்தான்.

படங்களை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் அளவு சுருங்கி, புள்ளியும் சுழியும் கரைந்துவிடும். அப்புறம் பிழை போர்டில் இருக்கிறதா, படத்தில் இருக்கிறதா என்றே தெரியாது.

திரையில் ஒரு செ.மீ. = ஒரு அடி

முதல் படத்தை லேப்டாப்பில் திறந்து, திரையில் போர்டின் அகலம் சரியாக 20 செ.மீ. வரும்வரை பெரிதாக்குங்கள். பள்ளிக்கூட ஸ்கேலைத் திரைமேல் வைத்து அளந்தால் போதும். இப்போது திரையில் ஒரு செ.மீ. என்பது போர்டில் ஒரு அடி. ஒரு மி.மீ. என்பது 1.2 அங்குலம்.

இப்படி வைத்துக்கொண்டால் இரண்டு வேலை ஒன்றாக முடிகிறது. எழுத்தின் உயரத்தை ஸ்கேலால் நேரடியாக அளக்கலாம். அதோடு, திரைக்கும் உங்கள் கண்ணுக்கும் இடையில் உள்ள தூரமும் அதே கணக்கில் வந்துவிடும். திரையிலிருந்து 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் சாலையில் 60 அடி. இரண்டு மீட்டர் பின்னால் போய் நின்றால் 200 அடி. கண்ணாடி போடுகிறவர் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

லேப்டாப் இல்லையென்றால் கைப்பேசியைப் படுக்கவைத்து, போர்டை 10 செ.மீ. அகலத்துக்கு வையுங்கள். அப்போது ஒரு செ.மீ. இரண்டு அடி, ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 200 அடி. போர்டின் அளவு வேறாக இருந்தால் கணக்கையும் அப்படியே மாற்றிக்கொள்ளலாம்.

இந்தச் சோதனையை நீங்கள் செய்வதைவிட, போர்டைப் பார்த்திராத ஒருவரை வைத்துச் செய்வது மேல். உங்களுக்கு வாசகம் ஏற்கெனவே தெரியும். தெரிந்த கண் தெளிவில்லாததையும் படித்துவிடும். வீட்டிலோ பக்கத்துக் கடையிலோ யாரையாவது கூப்பிட்டு இரண்டு மீட்டர் தள்ளி நிற்கவைத்து, இரண்டு வினாடி காட்டிவிட்டுத் திரையைக் கையால் மறையுங்கள். "என்ன கடை?" என்று மட்டும் கேளுங்கள். சந்தூர் போர்டுக்குக் கிடைத்த பதில்: "மாம்பழக் கடையா? ஜூஸா?" பின்னணியில் இருந்த மாம்பழப் படங்கள் மட்டும்தான் அவர் கண்ணில் பட்டிருக்கின்றன. செடி விற்கிற இடம் என்பது தெரியவே இல்லை.

எழுத்துப்பிழை

போர்டில் இருந்த வாசகத்தை அப்படியே தருகிறேன். கடைப்பெயர், சாமி வரி, ஆங்கில வரி, முகவரி, எண்கள் இவற்றை விட்டுவிடுகிறேன்.

"எங்களிடம் அனைத்து வகையான மா ஒட்டு செடிகள் மொத்தமாகவும் சில்லரையாகவும் குறைந்த விலையில் விற்பணைக்கு கிடைக்கும். அல்போன்சா, பங்கணபள்ளி, செந்தூரா, பெங்களூரா, நீளம், மல்கோவா, இமாம்பசந்த். மேலும் தென்னை, கொய்யா, எழுமிச்சை, சப்போட்டா, மாதுளை, நெல்லி செடிகளும் கிடைக்கும். தோட்டம் அமைத்து தரப்படும்."

முதலில் படத்தைப் பார்த்து இதை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். ஃப்ளெக்ஸ் கடைக்காரரிடம் கோப்பு இருக்குமே என்று அதை வாங்கிப் பார்க்காதீர்கள். கோப்பில் சரியாக இருந்து, எழுத்துரு மாறி அச்சில் உடைந்திருக்கலாம். நமக்கு வேண்டியது போர்டில் என்ன இருக்கிறது என்பது. தட்டச்சு செய்ததைக் கடைசி வார்த்தையிலிருந்து முதல் வார்த்தைக்குப் பின்னோக்கிப் படியுங்கள். முன்னோக்கிப் படித்தால் அர்த்தம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், எழுத்து கண்ணில் படாது.

இங்கே கிடைத்த பிழைகளை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும்.

கட்டாயம் திருத்த வேண்டியவை, அர்த்தத்தை மாற்றுபவை. "நீளம்" அப்படிப்பட்டது. மா ரகம் "நீலம்". "நீளம்" என்பதும் சரியான தமிழ்ச் சொல் என்பதால் எந்தச் சொற்பிழைத் திருத்தியும் இதைச் சுட்டாது. நாவி, வாணி போன்ற இணையத் திருத்திகளில் ஒருமுறை வாசகத்தை ஓட்டிப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் இதைப் பிடிக்க மா ரகம் தெரிந்த ஆள்தான் வேண்டும். ரகப் பட்டியல், மருந்துப் பெயர், உதிரிபாகப் பெயர் என்று எந்தத் தொழில் சொல் வந்தாலும் அந்தத் தொழில் செய்கிறவரையே ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

தொலைபேசி எண்ணும் இதே குவியல்தான். பத்து இலக்கம் இருக்கிறதா என்று எண்ணினால் மட்டும் போதாது. படத்தில் உள்ளபடி அழுத்தி ஒவ்வொரு எண்ணுக்கும் கூப்பிட வேண்டும். இந்த போர்டில் மூன்று எண்கள். மூன்றாவதில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன; கூப்பிட்டால் நர்சரிக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் எடுத்தார். ஒரு சீசன் முழுக்க அவருக்கு எத்தனை பேர் செடி கேட்டுப் போன் போட்டார்களோ.

இரண்டாவது குவியல், அர்த்தம் மாறாவிட்டாலும் தெளிவான பிழைகள். விற்பணை என்பது விற்பனை. சில்லரை என்பது சில்லறை. எழுமிச்சை என்பது எலுமிச்சை. பங்கணபள்ளி என்பது பங்கனப்பள்ளி. ஆங்கில வரியில் நர்சரி என்ற சொல்லிலும் E வர வேண்டிய இடத்தில் A விழுந்திருந்தது. ஆங்கில வரியையும் அதே கவனத்தோடு எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்து போர்டுகளில் அடிக்கடி தென்படும் இன்னொரு பிழை, விற்ப்பனை, பயிற்ச்சி, ஏற்ப்பாடு என்று ஒரு மெய்யெழுத்து கூடுதலாக விழுவது. ற், ட் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்து வரவே வராது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். வளர்ச்சி, மகிழ்ச்சி போன்றவற்றில் ர், ழ் இருப்பதால் அங்கே ச் வரலாம்.

மூன்றாவது குவியல் ஒற்று. "ஒட்டு செடி" என்பதை "ஒட்டுச்செடி" என்றும், "அமைத்து தரப்படும்" என்பதை "அமைத்துத் தரப்படும்" என்றும், "விற்பனைக்கு கிடைக்கும்" என்பதை "விற்பனைக்குக் கிடைக்கும்" என்றும் திருத்த வேண்டும். இவை பிழைகள்தான். ஆனாலும் ஏற்கெனவே மாட்டிய போர்டில் ஒற்று விடுபட்டதற்காக மட்டும் புதிதாக அடிக்கச் சொல்ல மாட்டேன். கடைக்காரர் காசு அது. புதிதாக அடிக்கும்போது விடக்கூடாது. "ஒட்டுச்செடி" என்பதை இடைவெளி விடாமல் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். பிரித்து எழுதினால் வடிவமைப்பவர் ச் என்ற எழுத்தோடு வரியை முடித்து, செடியை அடுத்த வரிக்குத் தள்ளிவிடுவார்.

கடைப்பெயரில் மட்டும் கை வைக்காதீர்கள். குலதெய்வத்தின் பெயரோ குழந்தையின் பெயரோ அவர்கள் எப்படி எழுதுகிறார்களோ, ஜிஎஸ்டி பதிவில் எப்படி இருக்கிறதோ, அப்படியே இருக்கட்டும்.

இவை தவிர, எழுதியவர் செய்யாமல் கணினி செய்கிற பிழைகளும் உண்டு. கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் போய் உட்கார்ந்திருப்பது, எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளியால் ஆன சின்ன வட்டம் தெரிவது, "கௌ" வர வேண்டிய இடத்தில் கொம்பும் க-வும் முழு அளவு ள-வும் நிற்பது. தமிழ் அமைப்பு சரியாக வைக்காத ஃபோட்டோஷாப்பில் தட்டினாலோ, பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை வேறு கணினியில் திறந்தாலோ இப்படி ஆகும். ஒரு இடத்தில் கண்டால் போர்டு முழுக்க எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ வரிசை எழுத்துகளைத் தேடிப் பார்த்துவிடுங்கள், ஒன்றோடு நிற்காது.

ஸ்கேலை எடுத்து அளப்பது

இப்போது எழுத்தின் உயரம். போர்டுத் தொழிலில் சொல்லும் கணக்கு, ஒரு அங்குல உயர எழுத்து பத்து அடி தூரத்துக்கு என்பது. கண் மருத்துவர் அளக்கும் சாதாரண பார்வை உள்ளவரால் ஒரு அங்குல எழுத்தை 57 அடி வரைக்கும் படிக்க முடியும்தான். ஆனால் அது அசையாமல் உட்கார்ந்து, வெள்ளையில் கறுப்பு எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது. ஓட்டிக்கொண்டே ஒரு பார்வையில் படிக்கப் பத்து அடிக் கணக்கே சரி.

அதிலும் இந்தக் கணக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துக்கானது. தமிழில் க, ப, ட போன்ற எழுத்தின் உடம்பை மட்டும் அளக்க வேண்டும். மேலே போகிற ீ சுழியையும் கீழே இறங்குகிற ு, ூ வாலையும் சேர்த்து அளந்தால் கணக்கு தவறிவிடும். கணினியில் இரண்டு மொழிக்கும் ஒரே அளவு எண்ணைக் கொடுத்தாலும் தமிழ் எழுத்தின் உடம்பு சிறியதாகத் தெரிவது இதனால்தான்.

சந்தூர் போர்டில் அளந்தது இது. கடைப்பெயர் 11 மி.மீ., அதாவது சுமார் 13 அங்குலம். 130 அடியிலிருந்து படிக்கலாம். "எங்களிடம் அனைத்து வகையான" என்று தொடங்கும் வாக்கியம் 5 மி.மீ., அதாவது 6 அங்குலம், 60 அடி. ரகப் பட்டியலும் மற்ற செடிகளும் 3 மி.மீ., மூன்றரை அங்குலம், 36 அடி. முகவரி அதைவிடச் சிறியது.

வண்டி 50 கி.மீ. வேகத்தில் வந்தால் ஒரு வினாடிக்கு 45 அடி கடக்கிறது. என்ன விற்கிறோம் என்று சொல்கிற ஒரே வரி 60 அடியில்தான் தெரியத் தொடங்குகிறது. அதைப் படிக்கக் கிடைப்பது ஒன்றேகால் வினாடி. ரகப் பட்டியலைப் பொறுத்தவரை 36 அடி தூரத்துக்குள் வருவதற்குள்ளேயே வண்டி ஏறக்குறைய போர்டைத் தாண்டிவிடும்.

இன்னொன்றையும் இங்கே பார்த்துக்கொள்ளலாம். மூன்றரை அங்குல எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி அரை அங்குலம்கூட இருக்காது. நூறு அடி தூரத்தில் சாதாரணக் கண்ணுக்குப் பிரிந்து தெரியக்கூடிய மிகச் சிறிய அளவே ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குதான். எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு வேறு போட்டிருந்தால் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ர் என்பது ர ஆகத் தெரியும், ண-வின் சுழிகள் அடைத்துக் கறுப்புக் கட்டியாகும். தடித்த எழுத்துரு நன்றாகத் தெரியும் என்று நினைத்துப் போடுகிறார்கள். தமிழில் ஓரளவுக்கு மேல் தடித்தால் உள்ளிடம் அடைபட்டு, தெரிவது குறைகிறது. நடுத்தரத் தடிப்பில், எழுத்துகளுக்கிடையே கொஞ்சம் இடம்விட்டு, சுற்றுக்கோடும் நிழலும் இல்லாமல் போடுவதுதான் தூரத்துக்கு ஏற்றது.

ஸ்கேல் கையில் இருக்கும்போதே தமிழ், ஆங்கில அளவையும் பாருங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948-இன் 15-ஆவது விதிப்படி பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் வர வேண்டும். தொழிலாளர் துறை கேட்கும் அளவு தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2. ஓசூர் பக்கம் கன்னடம், தெலுங்கு சேர்க்கிறவர்களுக்கு அந்த இரண்டு பங்குதான் இடம். நம் போர்டில் தமிழ்ப் பெயர் 11 மி.மீ., ஆங்கிலப் பெயர் 8 மி.மீ. ஐந்துக்கு மூன்று என்றால் ஆங்கிலம் 6.6 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

நிறத்தை எடுத்துவிட்டுப் பார்ப்பது

கைப்பேசி கேலரியில் படத்தைத் திருத்தும் இடத்தில் Saturation என்பதை அடிமட்டத்துக்குக் குறைத்தால் படம் கறுப்பு வெள்ளை ஆகிவிடும். இப்போது எழுத்து பின்னணியிலிருந்து பிரிந்து தெரிகிறதா என்று பாருங்கள். தூரத்தில் நமக்கு உதவுவது பெரும்பாலும் வெளிச்ச வித்தியாசம். நிற வித்தியாசம் அந்த அளவுக்குக் கைகொடுக்காது.

சந்தூர் போர்டில் கடைப்பெயர் சிவப்பில் தொடங்கி மஞ்சளில் முடிந்தது, பின்னணி பச்சை மாந்தோப்பு. வண்ணத்தில் பார்க்கும்போது ஜொலித்தது. கறுப்பு வெள்ளையில் பெயரின் முதல் பாதி தோப்பின் இலைகளுக்குள் காணாமல் போனது. சிவப்பும் நடுத்தரப் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன. மஞ்சள் பகுதி மட்டும் தப்பித்தது. புகைப்படத்தின் மேல் எழுத்து வைப்பதே பொதுவாக ஆகாது. இலைகளின் வெளிச்சமும் நிழலும் எழுத்தின் ஓரங்களை வெட்டிவிடும். ஒரே நிறப் பின்னணியில், மஞ்சள் மேல் கறுப்போ அடர்பச்சை மேல் வெள்ளையோ வைத்தால் இந்தப் பேச்சே வராது.

சாலையோரப் படம் சொன்னது

இதுவரை பார்த்ததெல்லாம் நேர் எதிரில் எடுத்த படத்தில். 200 அடி தள்ளி எடுத்த இரண்டு படங்களைத் திறந்தபோது போர்டு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மெலிதான பச்சைப் பட்டை ஒன்று நின்றுகொண்டிருந்தது.

காரணம் கோணம். போர்டு சாலைக்கு இணையாக, 30 அடி உள்ளே இருக்கிறது. 200 அடி முன்னால் வருகிறவருக்கு அந்த இருபது அடி அகலம் மூன்றடியாகச் சுருங்கித் தெரியும். 60 அடிக்கு வந்த பிறகும் ஒன்பது அடிதான். எழுத்துகள் பக்கவாட்டில் நசுங்கி, ண, ஞ, ணை போன்ற அகலமானவை முதலில் போய்விடும். எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் இது தீராது. சட்டத்தைத் திருப்ப வேண்டும்.

கடைவீதியில், கடை முகப்பிலேயே மாட்டுகிற போர்டைத் திருப்ப முடியாது. தர்மபுரி நான்கு ரோடு மாதிரி நெரிசலில், எதிர்ப் பக்கம் நடந்து போகிறவர் நேராகவே பார்க்கிறார், வண்டியும் ஊர்ந்துதான் போகும். அங்கே 40, 50 அடிக்குத் தெரிந்தாலே போதும். பக்கவாட்டில் நீட்டி நிற்கிற சின்ன இருபக்க போர்டு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். நெடுஞ்சாலையோர போர்டுக்குத்தான் இந்தக் கோணக் கணக்கு உயிர்நாடி.

எதை எடுப்பது

இது கடினமான பேச்சுவார்த்தை. போர்டுக்குக் காசு கொடுக்கிறவருக்கு ஒவ்வொரு அங்குலமும் நிறைந்திருக்க வேண்டும்.

"வெரைட்டி எல்லாம் போட்டாத்தானே அண்ணா ஆள் உள்ள வருவாங்க?"

"அதைப் படிக்கிறதுக்கு அவரு ஏற்கெனவே உள்ள வந்திருக்கணும் தம்பி. கேட்டுக்குப் பக்கத்துல தனியா ஒரு போர்டு வைங்க, அங்க நின்னு படிப்பாங்க."

வாசகத்தைப் பிரிக்க நான் கேட்கும் கேள்வி, இதைப் படிக்கும்போது அந்த ஆள் எங்கே இருப்பார் என்பதுதான். ஓடும் வண்டியில் இருப்பவருக்கு என்ன கிடைக்கும், யார் கடை என்ற இரண்டும் போதும். ஓரம் கட்டி நிற்பவருக்கு ஒரு தொலைபேசி எண் வேண்டும். ரகங்கள், மற்ற செடிகள், தோட்டம் அமைத்துத் தருவது, உரிமையாளரும் அவர் அப்பாவும் இருக்கும் படம், இவையெல்லாம் கேட்டுக்கு வந்துவிட்டவருக்கு உரியவை. முகவரி தேவையே இல்லை. கடை முன்னால் நிற்கிற போர்டில் கடையின் முகவரி எதற்கு?

"ஸ்ரீ முருகன் துணை" வரியை எடுக்கச் சொல்லாதீர்கள். எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் வேண்டாம். நடுவில் எட்டங்குலத்தில் இருந்ததை இடப்பக்க மேல்மூலைக்கு மூன்றங்குலத்தில் நகர்த்தினால் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

மிஞ்சியதை அடுக்கியது இப்படி. "மா ஒட்டுச்செடி" 20 அங்குலம், 200 அடிக்குத் தெரியும். கடைப்பெயர் 12 அங்குலம். ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் செடி வாங்க வருகிறார்கள் என்பதால் ஆங்கில வரி வேண்டும் என்றார். ஐந்துக்கு மூன்று கணக்கில் அது 7 அங்குலம். ஒரே ஒரு எண், ஐந்து ஐந்து இலக்கமாகப் பிரித்து, 8 அங்குலம்.

"செடிகள்" என்று போடாமல் "செடி" என்று நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. தமிழ் எழுத்துகள் அகலமானவை. இருபது அங்குல உயரத்தில் "மா ஒட்டுச்செடி" ஏறத்தாழ 195 அங்குலம் வரும். போர்டின் மொத்த அகலம் 240 அங்குலம், இருபக்கமும் இருபது அங்குலத்துக்கு மேல் வெற்றிடம் கிடைக்கிறது. "கள்" சேர்த்தால் போர்டை விட்டு வெளியே போகும். உள்ளே அடக்க எழுத்தை 16 அங்குலத்துக்குக் குறைக்க வேண்டும். அந்த இரண்டு எழுத்துக்காக நாற்பது அடி தூரத்தை இழப்பானேன்?

உயரத்திலும் கூட்டிப் பார்த்துவிடுங்கள். தமிழ் வரிக்கு மேல்சுழி, கீழ்வால் சேர்த்து உடம்பின் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் அதிகமாக இடம் ஒதுக்க வேண்டும். எல்லா வரியும் சேர்ந்து எழுபது அங்குலம் சொச்சம். 96 அங்குலத்தில் மீதி இருபத்தைந்து அங்குலம் வரிகளுக்கு நடுவே காற்றோட்டமாக இருக்கட்டும். "அந்த இடத்துல ஒரு மாம்பழம் போட்டுடலாமே" என்று ஃப்ளெக்ஸ் கடையில் கட்டாயம் கேட்பார்கள். இங்கே மாம்பழமே வேண்டாம், ஜூஸ் கடை என்று நினைக்க வைத்தது அதுதான். படம் வேண்டுமென்றால் பையில் நிற்கும் ஒட்டுச்செடி ஒன்றை எண்ணுக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

சட்டத்தை அவருடைய சொந்த நிலத்துக்குள்ளேயே, சாலைக்குக் குறுக்காகத் திருப்பி, இரண்டு முகத்திலும் ஃப்ளெக்ஸ் மாட்டுவதாக முடிவானது. செலவு இருமடங்கு. இரண்டாவது முகம் வேண்டாம் என்றால் கிருஷ்ணகிரி பக்கம் பார்த்த முகத்தை மட்டும் அடியுங்கள் என்று சொல்லியிருப்பேன், வெளியூர் வண்டிகள் பெரும்பாலும் அந்தப் பக்கமிருந்துதான் வருகின்றன.

அச்சுக்குப் போகும் முன்

ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து வரும் மாதிரிப் படத்தையும் இதே முறையில் பாருங்கள். 20 செ.மீ. அகலம், இரண்டு மீட்டர் தூரம், இரண்டு வினாடி, கறுப்பு வெள்ளை, எண்ணுக்கு ஒரு போன். திருத்தத்தை வாயால் சொல்லாதீர்கள். போனில் லகரமும் ளகரமும் ஒரே மாதிரிதான் கேட்கும், நீலம் மறுபடியும் நீளமாகும். யூனிகோடில் தட்டி அனுப்பி, அதை அப்படியே நகலெடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் பழைய எழுத்துருவில் மறுபடி தட்டுவார்கள் என்றால், தட்டிய பிறகு வரும் படத்தை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டே ஆக வேண்டும்.

ஒப்புதல் கொடுத்த பிறகு கோப்பைக் கோரல்டிராவில் கர்வ் செய்தார்களா என்று கேளுங்கள். கர்வ் செய்தால் எழுத்துகள் வெறும் வடிவங்களாக மாறிவிடும், அச்சுக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் உடையாது. கர்வ் செய்த பின் எடுத்த படத்தைத்தான் கடைசி மாதிரியாக ஏற்க வேண்டும், அதற்கு முந்தையதை அல்ல. எட்டடி உயரம் என்பதால் பத்தடி மெஷினில் ஒட்டு இல்லாமல் ஒரே துண்டாக வரும். அதைவிடச் சின்ன மெஷினில் அடித்தால் ஒட்டு எந்த வரியின் மேல் விழுகிறது என்று கேட்டு, எழுத்தை வெட்டாத இடத்துக்கு நகர்த்தச் சொல்லுங்கள்.

பழைய போர்டை அடுத்த சீசன் வரை ஓட்டியாக வேண்டும் என்று அவர் சொன்னதால் அதில் ஒரே ஒரு வேலை மட்டும் செய்தோம். தவறான மூன்றாவது எண்ணின் மேல் அதே பச்சையில் வினைல் ஸ்டிக்கர் ஒட்டி முழுவதுமாக மறைத்தாயிற்று. வெயிலில் வெளுத்த ஃப்ளெக்ஸில் புது ஸ்டிக்கர் திட்டாகத் தெரிகிறது, ஓரமும் கொஞ்ச நாளில் தூக்கிக்கொள்ளும். நீலத்துக்கும் ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று கேட்டார். 36 அடிக்கு வெளியே தெரியாத எழுத்து, வேண்டாம் என்றேன்.